நைட் ஷிப்ட் பத்தி ரெக்ரூட்டர்கிட்ட எப்படி கேக்குறது?

"மேடம், நான் ஹட்டன் பக்கம். கொழும்புல கஸ்டமர் சப்போர்ட் வேலை ஒன்னு வந்திருக்கு, லண்டன் கம்பெனிக்காம். நைட் ஷிப்ட், சனி ஞாயிறு டியூட்டி எல்லாம் இருக்குமான்னு கேட்டா வேலை கைய விட்டுப் போயிருமோன்னு பயமா இருக்கு."

கேளுங்க தங்கச்சி, ஆனா "நைட் ஷிப்ட் இருக்கா"ன்னு கேக்காதீங்க. "அப்படி பெருசா இல்ல"ன்னு சொல்லிட்டு போயிருவாங்க. ஷிப்ட் எத்தன மணிக்கு ஆரம்பிச்சு எத்தன மணிக்கு முடியும், இலங்கை நேரத்துல சொல்லுங்கன்னு கேளுங்க.

லண்டன்ல காலை 9ல இருந்து சாயங்காலம் 6 வரைக்கும்னா நமக்கு பகல் 1.30ல இருந்து இரவு 10.30. இது அங்க கோடை காலத்து கணக்கு. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்த ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பாங்க, அப்ப உங்களுக்கு 2.30ல இருந்து 11.30, மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் அப்படித்தான். ஜூன்ல சேர்ற பிள்ளைக்கு இத யாரும் சொல்ல மாட்டாங்க, நவம்பர்ல 11.30க்கு ரோட்டுல நிக்கும்போதுதான் தெரியும். அதனால வேன் இருக்கான்னு மட்டும் கேட்டு விட்டுறாதீங்க, எத்தன மணிக்கு மேல வேன், போர்டிங் வாசல் வரைக்கும் விடுவாங்களா இல்ல மெயின் ரோட்டோட இறக்கிருவாங்களா, காசு சம்பளத்துல வெட்டுவாங்களான்னும் கேளுங்க. சில எடத்துல 11 மணிக்கு மேலதான் வேன், 10.30க்கு முடிஞ்சா நீங்களே பாத்துக்கணும். அமெரிக்க வேலைன்னா இந்தக் கணக்கே வேற, நியூயோர்க் பக்கம் காலை 9ங்கிறது நமக்கு சாயங்காலம் 6.30, 7.30ல தான் வரும்.

ரொட்டேஷன்னு சொன்னா போன மாச ரோஸ்டர் ஒன்ன காட்டச் சொல்லுங்க, பேர மறைச்சிட்டு காட்டினா போதும். லீவு நாள் சேர்ந்து வருதான்னு அதுல பாருங்க. செவ்வாய் ஒன்னு வெள்ளி ஒன்னுன்னு பிரிச்சு குடுத்தா நீங்க ஹட்டன் போய் வர்ற கதையே இல்ல, பஸ்லயே நாள் போயிரும். சனி ஞாயிறு வேலை செய்யச் சொல்றது சட்டப்படி தப்பில்ல. ஆனா கடை அலுவலகச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான், அதுக்கு மேல செஞ்சா ஓ.டி. ஒன்றரை மடங்கு, கிழமைக்கு சம்பளத்தோட ஒன்றரை நாள் லீவு. 1954ல வந்த சட்டம், இன்னும் பாதி எச்.ஆர். ஆளுங்களுக்கு வாசிக்க நேரம் கிடைக்கல போல!

இன்னொன்னு, டவுன்ல இருக்கிற ஏஜென்ட் "பகல் ஷிப்ட் எடுத்துத் தாறேன், ஃபைலுக்கு காசு குடுங்க"ன்னு வருவாரு. ரோஸ்டர் போடுறது டீம் லீடர், இவருக்கு அதுல ஒரு கையும் இல்ல. சல்லிக்காசு குடுக்காதீங்க.

ரெக்ரூட்டருக்கு இப்படி எழுதுங்க: "சேர், வேலையில விருப்பம் இருக்கு. போர்டிங் பாக்கணும், அதனால ஷிப்ட் நேரம், லீவு நாள், இரவு வேன் இந்த மூனையும் ஈமெயில்ல அனுப்புங்க." போர்டிங்க காரணமா சொன்னா யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க. பதில் ஃபோன்ல வந்தா, அவர் சொன்னத நீங்களே எழுதி "சரிதானே சேர்"னு திருப்பி அனுப்பி வைங்க. நியமனக் கடிதத்துல "தேவைக்கேற்ப ஷிப்ட் மாறும்"னு மட்டும் இருந்தா கையெழுத்து போட முந்தி அந்த ஈமெயில காட்டி, நேரத்தையும் அதுல எழுதித் தரச் சொல்லுங்க. சில எடத்துல கடிதத்தையே முதல் நாள் காலையிலதான் நீட்டுறாங்க, பிள்ளை ஊர விட்டு பெட்டியோட வந்து நிக்கிற நேரம் பாத்து. அதனால ரெண்டு நாளைக்கு முந்தியே காப்பி ஒன்ன கேட்டு வாங்கிருங்க.