ஒளியிழைக்குள் கதிர் வரைவது எப்படி? கேள்வி பதில்

பாலிடெக்னிக்கில் இயற்பியல் ஆய்வகம் பார்த்து, விடைத்தாள் திருத்தி ஓய்வு பெற்றவன் நான். கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். வேறு எண் தராதவர்களுக்கு, இழையின் நடுவே ஒளி போகும் உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் 1.48, அதைச் சுற்றியிருக்கும் உறைக்கு 1.46 என்று வைத்துக்கொள்கிறேன்.

சார், மாறுநிலைக் கோணத்தோடு ஒளியிழைப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

பென்சிலுக்கு முன்னால் கால்குலேட்டரை எடுங்கள். sin c = n₂/n₁ = 1.46/1.48 = 0.9865. அதாவது மாறுநிலைக் கோணம் c = 80.6°; படுகோணம் இதைத் தாண்டினால்தான் ஒளி முழுவதும் உள்ளேயே திரும்பும். இந்தக் கோணத்தைச் சுவரிலிருந்து அளக்கக் கூடாது, சுவருக்குப் போட்ட செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். சுவரிலிருந்து பார்த்தால் வெறும் 9.4°தான். கதிர் சுவரை உரசுகிற மாதிரி படுத்து வந்தால்தான் உள்ளே தங்கும்.

இனி ஏ4 தாளைப் படுக்கையாக வையுங்கள். 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டால் அது உள்ளகம். அதற்கு மேலும் கீழும் 1.5 செ.மீ. தள்ளி ஒவ்வொரு கோடு, அது உறை. மொத்தம் 5 செ.மீ. ஆகிறது. 50 மைக்ரான் உள்ளகமும் 125 மைக்ரான் உறையும் உள்ள இழைக்கு இது சரியான விகிதம்.

படுகோணத்தை 82° என்று எடுங்கள். மாறுநிலைக் கோணத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் ரொம்பவும் தாண்டவில்லை. சுவரோடு 8°. இவ்வளவு சின்னக் கோணத்தைக் கோணமானியில் வைத்தால் அரை டிகிரி பிசகும், அடுத்த எதிரொளிப்பு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதனால் அளவுகோலால் புள்ளி வையுங்கள். 2/tan 8° = 14.2 செ.மீ.; ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போக அவ்வளவு நீளம் வேண்டும். கதிர் நடு அச்சில் நுழைவதால் முதல் புள்ளி அதில் பாதி, 7.1 செ.மீ.யில் மேல் சுவரில். அடுத்தது 21.3 செ.மீ.யில் கீழ்ச் சுவரில். புள்ளிகளைச் சேர்த்தால் கோணம் தானாக வந்துவிடும். புள்ளிதோறும் செங்குத்தைப் புள்ளிக்கோடாகப் போட மறக்காதீர்கள்.

ஐயா, எனக்கு 80.6 வரவில்லை, 1.406 வருகிறது.

கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்றுங்கள்.

எனக்கு Math ERROR என்று வருகிறது சார்.

1.48-ஐ மேலே போட்டிருப்பீர்கள். சைன் ஒன்றைத் தாண்டாது. அடர்வு குறைந்த பக்கத்திலிருந்து அடர்வு கூடிய பக்கத்துக்குப் போகும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் என்று ஒன்று கிடையாது. கால்குலேட்டர் சொன்னது சரிதான்.

நான் யாழ்ப்பாணம். நாங்கள் இதை அவதிக்கோணம் என்போம். கோணத்தை உள்ளகச் சுவரிலிருந்துதானே அளப்பது?

அவதிக்கோணமும் இதுவும் ஒன்றுதான், சொல் மட்டும் வேறு. அளப்பது செங்குத்திலிருந்து. சுவரோடு 80.6° வரைந்தால் கதிர் சுவரில் கிட்டத்தட்ட நேராகக் குத்தி வெளியே போய்விடும்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியை. இருபது வருடமாக 60° அளவில் நெளிநெளியாகத்தான் வரைகிறேன், பிள்ளைகளுக்குப் புரிகிறது. ‘அளவுப்படி அல்ல’ என்று எழுதினால் போதாதா?

போதாது என்பேன் மேடம். உங்கள் படத்திலேயே 1.48, 1.46 என்று எழுதிவிட்டு 60° போட்டால், அந்த எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பாருங்கள். sin r = 1.48 × sin 60° / 1.46 = 0.878; r = 61.4°. கதிர் ஒன்றரை டிகிரி கூட வளையாமல் உறைக்குள் போகிறது. திரும்பி வருவது மிகக் கொஞ்சம். முழு அக எதிரொளிப்பு என்று தலைப்பிட்ட படத்தில் ஒளி ஒழுகிக்கொண்டிருக்கிறது. உறையைத் தடியாகப் போட்டால் அது வெறும் அளவுப் பிழை. மாறுநிலைக் கோணத்தின் தவறான பக்கத்தில் கதிரைப் போடுவது வேறு பிழை.

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உறையே எதற்கு? வெறும் கண்ணாடியும் காற்றும் இருந்தாலே 100% எதிரொளிக்குமே!

பாதி சரி. காற்றோடு c = 42.5° ஆகிவிடும், அப்போது மேடத்தின் 60° படம் அப்படியே பொருந்தும். 1841-ல் இயற்பியலாளர் கொலாடன் ஜெனீவாவில் நீர்த்தாரைக்குள் ஒளியை வளைத்துக் காட்டியது இந்த வகைதான், உறை இல்லை, சுற்றிலும் காற்று. ஆனால் முழு அக எதிரொளிப்பிலும் ஒளி சுவருக்கு அப்பால் ஒரு அலைநீளம் போலக் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். வெறும் கண்ணாடியில் விரல் எண்ணெயோ தூசியோ ஒட்டினால் அந்த இடத்தில் கசியும். பக்கத்து இழை தொட்டாலும் அதே கதை. எட்டிப் பார்க்கும் ஒளிக்கு உறைதான் சுத்தமான முற்றம்.

மறுபடியும் ஆசிரியைதான். சரி, உறையை அழித்துவிட்டுக் காற்று என்று எழுதட்டுமா? நாற்பது பிள்ளைகளின் நோட்டில் 14 செ.மீ.க்கு ஒரு எதிரொளிப்பு என்றால் பக்கத்தில் ஒன்றுதான் கொள்ளும்.

காற்று என்று எழுதினால் எனக்கு ஆட்சேபனை இல்லை, படம் உண்மையாகிவிடும். ஆனால் கேள்வித்தாள் உறையைக் கேட்கிறதே. உறையும் வேண்டும், நெளிவும் வேண்டும் என்றால் ‘நீளவாக்கு குறுக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு, கோணத்தின் உண்மை மதிப்பை எண்ணாகப் பக்கத்தில் குறிக்கலாம். எனக்கு அது அரை மனதுதான். நான் திருத்தினால் மதிப்பெண் போடுவேன், ஆனால் அந்தப் படத்தில் யாராவது கோணமானி வைத்து அளந்தால் ஏமாறுவார்கள்.

நான் வீடு வீடாக ஃபைபர் இழுக்கிறவன். கேபிளை இறுக்கி மடித்தால் சோதனைக்கு விடும் சிவப்பு லைட் அந்த மடிப்பில் வெளியே தெரியும். அதைப் படத்தில் எப்படிக் காட்டுவது?

நல்ல கேள்வி அண்ணே, கண்ணால் பார்த்தவர் கேட்கிறார். வளைவில் செங்குத்துக் கோடு வளைவின் மையத்தை நோக்கித் திரும்பிவிடும், கதிரோ நேராகவே வரும். அதனால் நேர் பகுதியில் 82° இருந்த படுகோணம் வளைவின் வெளிப்பக்கச் சுவரில் 80.6°-க்குக் கீழே இறங்கும், அங்கே கசியும். வெளிச்சுவரில் ஒரு புள்ளியில் மட்டும் உறைக்குள் போகும் கதிரை வரையுங்கள், அதுவே போதும். ஆனால் ஒன்று: நீங்கள் இழுப்பது பெரும்பாலும் ஒற்றை முறை இழை. அதன் உள்ளகம் 9 மைக்ரான்தான், ஒளியின் அலைநீளம் ஒன்றரை மைக்ரான் வரை. அந்த இடுக்கில் கதிர்ப் படம் ஒரு தோராயம், அலையாகத்தான் பார்க்க வேண்டும்.

ரவுட்டரில் நெட் ரொம்ப மெதுவாக இருக்கிறது, கோணம் தவறா?

உங்கள் சேவை மையத்தைக் கேளுங்கள்.

கதிர் காற்றிலிருந்து இழைக்குள் நுழையும்போது எந்தப் பக்கம் வளைய வேண்டும்?

அச்சை நோக்கி. இழையின் முகப்புக்குச் செங்குத்து அச்சுதான். பத்துக்கு ஏழு பேர் வெளியே வளைத்து வைக்கிறார்கள். நம் படத்தில் உள்ளே 8° வேண்டுமானால் sin θ = 1.48 × sin 8° = 0.206, வெளியே 11.9°. எல்லை 14°. அதைத் தாண்டி வருகிற கதிர் உள்ளே போனாலும் முதல் சுவரிலேயே கசியும்.

மாறுநிலைக் கோணம் எங்கிருந்து அளக்க வேண்டும்?

செங்குத்திலிருந்து. மேலே இரண்டு தடவை சொல்லியாயிற்று.

ஆசிரியை. கரும்பலகையில் 20 செ.மீ. உள்ளகம் போட்டுப் பார்த்தேன், இரண்டாவது எதிரொளிப்பு வருவதற்குள் பலகை தீர்ந்துவிட்டது!

20-க்கு 142 செ.மீ. வேண்டுமே மேடம். 10 செ.மீ. போடுங்கள். முதல் புள்ளி 36-ல், அடுத்தது 107-ல்.