பால் கொடுக்கும்போது அட்டெனலால் போடலாமா?

"குழந்தை பிறந்து 18 நாள். பிரஷருக்கு இதுவரை லேபெட்டலால் போட்டேன். இப்போது வேறு டாக்டர் அட்டெனலால் 50 எழுதியிருக்கிறார். பாலை நிறுத்திவிடவா?"

பாலை நிறுத்த வேண்டாம் சகோதரி. மாற்ற வேண்டியது மாத்திரையைத்தான். அட்டெனலால் ரத்தத்தில் புரதத்தோடு அதிகம் ஒட்டாது. அதனால் தாராளமாகப் பாலில் இறங்கும். வெளியேறுவதும் சிறுநீரகம் வழியாக. 18 நாள் குழந்தைக்குச் சிறுநீரகம் இன்னும் முழுதாகத் தேறியிருக்காது, மருந்து உடம்பிலேயே தேங்கும். லேபெட்டலால் பாலில் மிகக் குறைவாகத்தான் வரும். நிஃபெடிபின், எனலாப்ரில் இரண்டும் அப்படியே. குறைமாதக் குழந்தை என்றால் மட்டும் எனலாப்ரில் பற்றிக் குழந்தை டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த கர்ப்பத்தில் எனலாப்ரில் ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

நாளைக்கே டாக்டரிடம், "பால் கொடுக்கிறேன், பழைய மாத்திரையே தொடரலாமா?" என்று நேராகக் கேளுங்கள். பல நேரம் பால் கொடுப்பதை நாம் சொல்லாமல் விடுவதால்தான் இப்படி ஆகிறது. அட்டெனலாலை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், பிரஷர் எகிறும்.

அதுவரை குழந்தையைக் கவனியுங்கள். பாலுக்கு எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, கைகால் சில்லிட்டாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உங்களுக்குக் கடும் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தாலும் அதேதான். பிரஷரால் பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரைகூட தாய்க்கு வலிப்பு வரலாம்.