ஆர்டரை எண்ணாதீர்கள், டெலிவரியை எண்ணுங்கள்: டிராப்ஷிப்பிங் கேள்வி-பதில்

கே: கையில் காசே இல்லாமல் டிராப்ஷிப்பிங் தொடங்கலாம் என்கிறார்களே? (அல்சூர்)

சரக்கை வாங்கி அடுக்க வேண்டாம், ஆர்டர் வந்தபின் சப்ளையரே வாடிக்கையாளருக்கு நேராக அனுப்பிவிடுவார், அவ்வளவுதான். விளம்பரத்துக்கு அன்றாடம் பணம் போகும், கூரியர் வாலட்டில் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும், சப்ளையரும் முன்பணம் கேட்பார். பார்சல் வாங்கும்போது வாடிக்கையாளர் கட்டும் சிஓடி பணமோ டெலிவரியாகி ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் கணக்குக்கு வரும். அதுவரை தாங்கப் பணம் வேண்டும்.

கே: 699 ரூபாய்க்கு விற்கிறேன். சரக்கு 250, கூரியரும் சிஓடி கட்டணமும் 75, விளம்பரம் 150. ஒரு ஆர்டருக்கு 224 ரூபாய் நிற்க வேண்டும். மாதம் 100 ஆர்டர் வந்தும் கையில் எதுவும் தங்கவில்லையே? (கே.ஆர்.புரம்)

செலவையெல்லாம் ஜிஎஸ்டி நீங்கலாக எழுதிவிட்டு, விற்பனை விலையை மட்டும் ஜிஎஸ்டியோடு எழுதியிருக்கிறீர்கள். 18 சதவீதத்தைக் கழித்தால் 699 என்பது 592தான். உங்கள் 224 அங்கேயே 117 ஆகிவிட்டது.

அடுத்தது ஆர்டிஓ, அதாவது வாடிக்கையாளர் வாங்காமல் திரும்பி வரும் பார்சல். சிஓடியில் 100க்கு 30 திரும்புவது சாதாரணம். கையில் வருவது 70 பேரின் பணம்: சுமார் 41,400. சரக்குக்கு 17,500 போகும். விளம்பரச் செலவும் கூரியரும் 70க்கு அல்ல, 100க்கும் உண்டு: 15,000, 7,500. திரும்பிய 30க்கும் தலா 60 வீதம் 1,800. மொத்தம் 41,800. அதாவது 400 ரூபாய் நஷ்டம். திரும்பிய சரக்கைச் சப்ளையர் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கும்.

இதே கணக்கில் ஆர்டிஓ 20 ஆகக் குறைந்தால் 3,700 ரூபாய் போல மிஞ்சும். விலையைத் தொடாமலே. ஆகவே ஆர்டர் வந்ததும் வாட்ஸ்அப்பிலோ போனிலோ உறுதி செய்யுங்கள், முகவரியில் கதவு எண்ணும் அடையாளமும் இருக்கிறதா என்று பாருங்கள், முன்பணம் கட்டுவோருக்கு 30, 40 ரூபாய் தள்ளுபடி கொடுங்கள். உறுதி செய்யாத ஆர்டரை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

கே: சப்ளையர் அன்றைக்கே டிராக்கிங் எண் தருகிறார். ஆனாலும் வாடிக்கையாளர்கள் "இன்னும் வரவில்லை" என்று திட்டுகிறார்கள். (சிவாஜிநகர்)

டிராக்கிங் எண் என்பது லேபிள் அச்சாகிவிட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. சப்ளையர் லேபிளை ஒட்டிவிட்டு, சரக்கு இன்னும் தன் கைக்கே வராமல் காத்துக்கொண்டிருப்பார். பல பேர் இன்னொரு மொத்த வியாபாரியிடம் எடுத்துத் தருகிறவர்கள்தான். அவர்கள் அனுப்பும் ஸ்டாக் பட்டியல் நேற்றையது. டிராக்கிங் பக்கத்தில் `Manifested` அல்லது `Pickup Pending` என்று இரண்டு நாளாக நின்றால் பார்சல் அங்கேயே கிடக்கிறது என்று பொருள். `In Transit` வந்த பிறகே வாடிக்கையாளரிடம் "அனுப்பியாச்சு" என்று சொல்லுங்கள்.

இந்தத் தாமதம் வெறும் திட்டோடு போவதில்லை. சிஓடி வாடிக்கையாளருக்கு நான்காவது, ஐந்தாவது நாளில் ஆசை ஆறிவிடும், அல்லது வேறு இடத்தில் வாங்கியிருப்பார். கதவைத் தட்டும்போது "வேண்டாம்" என்பார். மேலே சொன்ன ஆர்டிஓவில் பல இப்படித்தான் பிறக்கின்றன. சப்ளையர் தவறுக்கு நீங்கள் இரண்டு வழிக் கூரியர் கட்டுவீர்கள். மோசமான ரேட்டிங்கும் உங்கள் பெயருக்குத்தான். 48 மணி நேரத்தில் பிக்கப் ஆகாவிட்டால் ஆர்டரை ரத்து செய்யும் உரிமையை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு சப்ளையர் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் வீட்டு முகவரிக்கே சாம்பிள் ஆர்டர் ஒன்று போடுங்கள்.

கே: நான் பெங்களூரு, சப்ளையர் சூரத், வாடிக்கையாளர் கோவை. சொந்த வெப்சைட். விற்றுமுதல் குறைவு, ஜிஎஸ்டி தேவையா? (மாரத்தஹள்ளி)

தேவை. வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் விற்றுமுதல் வரம்பு உங்களைக் காப்பாற்றாது. கர்நாடகப் பதிவு ஒன்று போதும். சூரத்காரர் உங்கள் பெயருக்கு, மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐஜிஎஸ்டி பில் போடுவார், நீங்கள் கோவைக்கு ஐஜிஎஸ்டி பில் போடுவீர்கள். சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டமான காம்போசிஷன் பக்கம் போகாதீர்கள். அதில் வெளிமாநில விற்பனைக்கு இடமில்லை. பில் தராத சப்ளையர் மலிவாகத் தெரிவார், ஆனால் வாங்கும்போது கட்டிய வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட் கிடைக்காது.

கே: குழந்தைகள் பொம்மை நன்றாகப் போகிறதாம், தொடங்கவா? (பானஸ்வாடி)

பிஐஎஸ் முத்திரை இல்லாத பொம்மையை விற்க 2021 ஜனவரி முதல் அனுமதி இல்லை. போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாம்பிள் வாங்கி, டப்பாவில் பிஐஎஸ் முத்திரையான ஐஎஸ்ஐ குறியும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று கையில் வைத்துப் பாருங்கள்.

கே: லாபம் வருமா? (ஊர், பொருள் எதுவும் எழுதவில்லை)

என்ன பொருள், என்ன விலை, எங்கிருந்து என்று எழுதினால் சொல்லலாம்.