ஜெர்மனில் "எடு", "எடுங்கள்": மூன்று ஏவல்களும் பலகை மொழியும்

கேள்வி: ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் செவிலியர் பயிற்சியில் இருக்கிறேன். சக பயிற்சியாளரிடம் எடு என்பதற்கு "நேமெ" என்றால் "நிம்" என்று திருத்துகிறார்கள். அதே முறையில் வண்டி ஓட்டு என்பதற்கு "ஃபேர்" என்றேன், அது "ஃபார்" என்றார்கள். இதற்கு விதி உண்டா? சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளில் டூ, ஈர், ஸீ எதுவுமே இல்லையே, ஏன்?

பதில்: விதி உண்டு. டூ என்பது ஒருவரைச் சொல்லும் நீ, ஈர் என்பது நீ என்று பழகும் பலரைச் சொல்வது, ஸீ என்பது மரியாதைக்கான நீங்கள். டூ ஏவலை அகராதியில் இருக்கும் வினையின் மூல வடிவத்திலிருந்து தொடங்காதீர்கள். "டூ" போட்டுச் சொல்லும் நிகழ்கால வடிவத்திலிருந்து தொடங்குங்கள். "டூ கொம்ஸ்ட்" என்பதில் டூவையும் கடைசி "ஸ்ட்"டையும் நீக்கினால் "கொம்", அதாவது வா. "டூ நிம்ஸ்ட்" என்பதிலிருந்து "நிம்" வருவதும் இப்படித்தான். "டூ இஸ்ட்" (சாப்பிடுகிறாய்), "டூ லீஸ்ட்" (படிக்கிறாய்) போன்றவற்றில் வினையின் அடியே "ஸ்" ஒலியில் முடிவதால் "ட்" மட்டும் போய் "இஸ்", "லீஸ்" நிற்கும்.

இந்த வினைகளில் எகரம் இகரமாகவோ ஈகாரமாகவோ மாறுகிறது. ஏவலிலும் அந்த மாற்றம் அப்படியே இருக்கும். கடைசியில் "எ" சேராது. அதனால்தான் "நேமெ" தவறு. ஜெர்மானியர்களே பேச்சில் "நேம்", "எஸ்", "லேஸ்" என்று சொல்வதைக் கேட்பீர்கள். தேர்வுத்தாளில் அது பிழைதான்.

"ஃபாரென்" வேறு வகை. அங்கே ஆகாரத்தின் மேல் உம்லவுட் புள்ளிகள் ஏறி "டூ ஃபேர்ஸ்ட்" ஆகிறது. ஏவலில் அந்தப் புள்ளிகள் இறங்கிவிடும்: "ஃபார்". ஓடு என்பதற்கும் "லவுஃப்"தான், "லொய்ஃப்" அல்ல. ஆக, இகர மாற்றம் தங்கும், உம்லவுட் தங்காது. நீங்கள் சந்திக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

உயிர் மாறாத வினையின் அடி t அல்லது d எழுத்தில் முடிந்தால் "எ" கட்டாயம்: "வார்டெ" (காத்திரு), "ஆர்பைடெ" (வேலை செய்). தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியது "ஸைன்" (இரு) என்ற வினை. டூவுக்கு "ஸை", ஈருக்கு "ஸைட்", ஸீக்கு "ஸையென் ஸீ".

ஈர், ஸீ இரண்டிலும் அடி மாறாது. ஈருக்கு நிகழ்கால வடிவத்தைச் சொல்லி "ஈர்" என்பதை விட்டுவிடுங்கள்: "நேம்ட்", "எஸ்ட்", "ஃபார்ட்". ஸீக்கு வினை முன்னால் வரும், "ஸீ" விடுபடாது: "நேமென் ஸீ". தமிழர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் "நீங்கள்" மரியாதைக்கும் பன்மைக்கும் ஒன்றே. அதனால் நீ என்று பழகும் இரண்டு தோழிகளைப் பார்த்து "நேமென் ஸீ" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அவர்களுக்கு அது திடீரென்று தள்ளி நிறுத்துவது போல இருக்கும்.

ஒரே மாத்திரையை வைத்துப் பார்ப்போம். இல்லத்தில் இருக்கும் பெரியவரிடம் "நேமென் ஸீ பிட்டெ டீ டாப்லெட்டெ". சக பயிற்சியாளரிடம் "நிம் மால் பிட்டெ டீ டாப்லெட்டெ". இருவர் நின்றால் "நேம்ட் பிட்டெ". நடுவில் வரும் "மால்" கட்டளையின் கடுமையைக் குறைக்கிறது. "கொஞ்சம் எடேன்" என்கிற தொனி. பெரியவரிடம் இன்னும் மென்மை வேண்டுமானால் ஏவலையே விட்டுவிட்டு, "க்யொன்டென் ஸீ பிட்டெ" (உங்களால் முடியுமா) என்று கேள்வியாகத் தொடங்கலாம். காலையில் கையைத் தூக்கச் சொல்வதற்கு இதுவே இதமானது.

இனி சுவர் அறிவிப்பு. படிப்பவர் டூவா, ஸீயா, ஒருவரா, பலரா என்று பலகைக்குத் தெரியாது. ஆகவே வினையின் மூல வடிவத்தையே போட்டுவிடுகிறார்கள்: "நிஷ்ட் ரவுஹென்" (புகைபிடிக்கக் கூடாது), "ராஸென் நிஷ்ட் பெட்ரேடென்" (புல்வெளியில் கால் வைக்கக் கூடாது). கதவுகளில் "ட்ஸீயென்" (இழு), "ட்ரூக்கென்" (தள்ளு) என்பதும் இதே வகை. நம் ஊர்ப் பலகையில் "செருப்பைக் கழற்றவும்" என்று "கழற்ற" என்பதன்மேல் "உம்" ஏற்றுகிறோமே, அங்கேயும் யாரையும் முன்னிலைப்படுத்தாமல் வேலை முடிகிறது.

பலகையை மென்மையாக்க முதல் வழி முன்னால் ஒரு "பிட்டெ". அதற்கு மேல் பணிவு வேண்டுமானால் ஸீ வடிவத்துக்கே போவார்கள்: "பிட்டெ ஷ்லீஸென் ஸீ டீ ட்யூர்" (தயவுசெய்து கதவைச் சாத்துங்கள்). அலுவலகத் தொனியில் "எஸ் விர்ட் கெபேடென்" (கேட்டுக்கொள்ளப்படுகிறது) என்றும் தொடங்கும்.

பலகையில் படித்ததை நேரில் அப்படியே சொல்லாதீர்கள். வினை மட்டும் தனியாக வந்தால் காதுக்கு அதட்டலாகக் கேட்கும். பிரியும் வினைகளில் இலக்கண வேறுபாடும் உண்டு. செருப்பைக் கழற்றச் சொல்லும் பலகையில் "பிட்டெ ஷூவெ அவுஸ்ட்ஸீயென்" என்று வினை ஒட்டியே நிற்கும். பெரியவரிடம் அது பிரிந்து, முன்னொட்டு கடைசிக்குப் போகும்: "ட்ஸீயென் ஸீ பிட்டெ டீ ஷூவெ அவுஸ்". சக பயிற்சியாளரிடம் "ட்ஸீ மால் டீ ஷூவெ அவுஸ்".