டிராக்கிங் ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துப் புகார் எழுதுவது

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பொருள் சொன்ன தேதி தாண்டியும் வரவில்லை. கையில் இருப்பது டிராக்கிங் ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். புகாரைக் காட்டமாக எழுதணுமா, பணிவாகவா? என்ன கேட்கலாம்?

ஒரு கூரியர் கிளையில் புகார் மேசையில் நாலு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அதனால் இப்படி ஒரு படம் வந்தால் என் கண் முதலில் போவது கடைசி வரிக்குத்தான். அது Manifested என்று நின்றால், லேபிள் ஒட்டியதோடு சரி, பொருள் இன்னும் கூரியர் கைக்கே வரவில்லை என்று அர்த்தம். அப்போது கூரியரைத் திட்டிப் பயனில்லை, விற்பவருக்குத்தான் எழுதணும்.

போன ஜூனில் என் அக்கா மகள் மதுரையிலிருந்து ஒரு படம் அனுப்பி, "மாமா, கோபமா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றாள். படத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஜூன் 3 சூரத்தில் Picked Up. ஜூன் 6 மதுரை ஹப். எதிர்பார்த்த தேதி ஜூன் 7. ஜூன் 8 காலை 9:14க்கு Out for Delivery. அன்று இரவு 7:52க்கு Consignee Not Available, அதாவது பெறுபவர் இல்லை. அதற்குப் பிறகு நாலு நாள் ஒரு ஸ்கேனும் இல்லை.

இரவு 7:52 என்ற நேரத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. காலையில் டெலிவரி ஷீட்டில் ஏற்றிய பார்சல் எதையும் இரவு கணக்கு முடிக்கும்போது காரணமில்லாமல் விட முடியாது. நேரமில்லாமல் மிச்சமானதற்கெல்லாம் "ஆள் இல்லை" என்று போட்டுவிடுவது நாங்கள் பார்த்துப் பழகிய சங்கதி. ஆனால் இது என் சந்தேகம் மட்டுமே. டெலிவரி பையன் வரவே இல்லை என்று அந்தப் படம் சொல்லவில்லை. "பொய் ஸ்கேன் போட்டிருக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தால், மேசையில் இருப்பவர் பையனைக் கேட்பார், அவன் வந்தேன் என்பான், புகார் அங்கேயே மூடப்படும்.

அதனால் அவளிடம் இரண்டு விஷயம் கேட்டேன். அன்று வீட்டில் யார் இருந்தார்கள்? போனில் அழைப்புப் பட்டியலைப் பார்த்தாயா? அம்மா நாள் முழுக்க வீட்டில்தான், தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை என்றாள். படத்தில் இல்லாத இந்த இரண்டும்தான் கடிதத்துக்கு வலு. பிறகு எழுதியது இது:

"பார்சல் எண் (முழுவதும்). எதிர்பார்த்த தேதி ஜூன் 7. ஜூன் 8 இரவு 7:52க்கு Consignee Not Available என்று பதிவாகியுள்ளது. அன்று வீட்டில் ஆள் இருந்தார். என் எண்ணுக்கு அழைப்பு வரவில்லை. அதன் பின் ஜூன் 12 காலை 10 மணி வரை வேறு பதிவு இல்லை (படம் இணைப்பு). 1. பார்சலைத் திருப்பி அனுப்பாமல் நிறுத்திவைக்கவும். 2. ஜூன் 14 மாலைக்குள் மறுபடி டெலிவரி செய்யவும். வருமுன் இந்த எண்ணுக்கு அழைக்கவும். 3. ஜூன் 8 முயற்சியின் அழைப்புப் பதிவைத் தெரிவிக்கவும்."

கோபமும் இல்லை, "தயவுகூர்ந்து" என்ற கெஞ்சலும் இல்லை. இதைப் படிப்பவர் ஒரு நாளில் நூறு புகார் பார்ப்பவர். பார்சல் எண் முதல் வரியில் இல்லாவிட்டால் தேடக்கூட மாட்டார் (நானும் அப்படித்தான் இருந்தேன், மறைப்பானேன்). முதல் கோரிக்கையை முதலில் வைத்ததற்கும் காரணம் உண்டு. பெரும்பாலும் மூன்று முயற்சி ஆனதும் பார்சல் RTO, அதாவது அனுப்பியவருக்கே திரும்பும். அந்த வண்டியில் ஏறிவிட்டால் நடுவில் இறக்குவது பெரும்பாடு.

நஷ்ட ஈடு, நுகர்வோர் நீதிமன்றம் இரண்டையும் இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். பொருள்தான் வேண்டும் என்றால் பொருளை மட்டும் கேளுங்கள். பணமும் சேர்த்துக் கேட்டால் கடிதம் வேறு பிரிவுக்குப் போய், பார்சல் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

கெடு தாண்டினால் அடுத்த கடிதம் கூரியருக்கு அல்ல, வாங்கிய தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு. பணம் வாங்கியது அவர்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் பொறுப்பு. அந்தக் கடிதத்தில் "பொருள் வேண்டாம், முழுப் பணம் திரும்ப வேண்டும்" என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டு கடிதங்களும் படமும் அங்கே உதவும். படத்தை வெட்டாமல், பார்சல் எண் தெரிய, எடுத்த தேதியோடு வைத்திருங்கள். டிராக்கிங் பக்கத்தில் வரிகள் பின்னால் மாறுவதுண்டு.

அக்கா மகளுக்கு ஜூன் 13 மதியம் பார்சல் வந்தது. மூன்றாவது கோரிக்கைக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.