பேலியகொடை குளிர் அறைக்கு 3 கோடி கொடுக்கலாமா?

"மரக்கறிக் குளிர் அறை, முழுக்க நிரம்பினால் மாதம் 9 இலட்சம் வாடகை என்கிறார் விற்பவர். இப்போது பாதிகூட இல்லை. 3 கோடி கேட்கிறார்."

முழுக்க நிரம்புவதை மறந்துவிடுங்கள், 8 இலட்சம் என்று வையுங்கள். கரண்டுக்கு 3, ஆள், பராமரிப்பு, காப்புறுதிக்கு 1.5 என்று வைத்தால் மிச்சம் 3.5, வருடத்துக்கு 42 இலட்சம். 14% வருமானம் வேண்டுமென்றால் 3 கோடி வரும். ஆனால் அது நிரம்பிய அறையின் விலை.

முதல் வருடம் மாத வாடகை 3.2 இலட்சம்தான் என்று பிடியுங்கள். கரண்ட் அதே அளவுக்குக் குறையாது: சுவர் வழியே சூடு வரும், விசிறி ஓடும், ஒரே நேரத்தில் ஆகக்கூடுதலாக இழுத்த மின்சாரத்துக்கான உச்சக் கேள்விக் கட்டணமும் இருக்கும். 2.2 ஆகும். அதே 1.5ஐயும் கழித்தால் மாதம் அரை இலட்சம் நட்டம். இரண்டாம் வருடம் வாடகை 5.6, கரண்ட் 2.6, மிச்சம் 1.5.

42 இலட்சத்தோடு ஒப்பிட்டால் முதல் வருடம் 48, அடுத்தது 24 துண்டு விழும். அதே 14% கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 60 இலட்சம். நான் 2.4 கோடிக்கு மேல் போகமாட்டேன்.

அப்புறம், 12 மாத பில்லைக் கேளுங்கள். விடிய லொறி இறங்கும்போது போய் நில்லுங்கள். கதவோரம் வியர்த்து, கொயிலில் கட்டியாக ஐஸ் இருந்தால் என் 2.2 போதாது.