நீரிழப்புள்ள குழந்தையின் ஐ.ஓ. சார்ட்: எண்ணில் எழுதுங்கள்

கேள்வி: நான் நர்சிங் மாணவி. காய்ச்சல், பேதியோடு வார்டில் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்குக் கேர் பிளான் எழுதினேன். எடை 10 கிலோ, காய்ச்சல் 102 டிகிரி. "நீர்ச்சத்தைச் சரிசெய்தல்" என்று நான் எழுதியதை, "இது திட்டமே இல்லை" என்று மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். குடித்ததையும் வெளியேறியதையும் குறிக்கும் ஐ.ஓ. சார்ட்டும் தவறாம். எப்படி எழுத வேண்டும்?

மருத்துவர் பதில்: உங்கள் மேடம் சொன்னது சரிதான். காலை 8 மணிக்கு "சரிசெய்தல்" என்று எழுதினால், 12 மணிக்கு அது நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. சார்ட்டைப் பார்த்து "ஆம்", "இல்லை" என்று பதில் சொல்லும்படி இலக்கை எழுத வேண்டும். கேர் பிளானும் ஐ.ஓ. சார்ட்டும் தனித்தனி வேலை அல்ல. ஒன்று கேள்வி, மற்றது பதில்.

முதலில் நீரிழப்பு எவ்வளவு என்று பாருங்கள். குழந்தை சிணுங்கிக்கொண்டே இருக்கிறது, கண்கள் உள்வாங்கியிருக்கின்றன, தண்ணீரைக் காட்டினால் ஆவலோடு குடிக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புகிறது. இவற்றில் இரண்டு இருந்தாலே மிதமான நீரிழப்பு. துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, கிள்ளிய தோல் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆனாலோ அது கடுமையான நீரிழப்பாக இருக்கலாம். அப்போது கேர் பிளான் எழுத உட்காராதீர்கள். உடனே மருத்துவரை அழையுங்கள், சிரைவழித் திரவம் தேவைப்படும்.

பழைய எடை கிடைத்தால் அது பெரிய உதவி. தாய்-சேய் அட்டையில் சமீபத்திய எடை 10.6 கிலோ என்று இருந்தால், குறைந்த 600 கிராமும் ஏறத்தாழ 600 மி.லி. தண்ணீர்தான். சில நாளில் இவ்வளவு சதை கரையாது.

மிதமான நீரிழப்புக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, கிலோவுக்கு 75 மி.லி. ஓ.ஆர்.எஸ்., 4 மணி நேரத்தில். இந்தக் குழந்தைக்கு 750 மி.லி. அதாவது 5 நிமிடத்துக்கு ஒருமுறை 5 மி.லி. கரண்டியால் சுமார் மூன்று கரண்டி. அம்மாவிடம் இப்படிச் சொன்னால் புரியும். "நிறையக் கொடுங்கள்" என்றால் டம்ளரோடு புகட்டுவார், குழந்தை வாந்தி எடுக்கும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும்.

இனி கேர் பிளான். செவிலியர் நோயறிதலை இப்படி எழுதலாம்: "பேதி, வாந்தி, காய்ச்சலால் ஏற்பட்ட திரவக் குறைவு, உள்வாங்கிய கண்கள், மெதுவாகத் திரும்பும் தோல், 600 கிராம் எடைக் குறைவு ஆகியவை சான்று." இலக்கு: "12 மணிக்குள் 750 மி.லி. ஓ.ஆர்.எஸ். குடித்திருக்கும், 4 மணி நேரத்தில் குறைந்தது 40 மி.லி. சிறுநீர் கழித்திருக்கும், தோல் உடனே திரும்பும், எடை கூடியிருக்கும்." அந்த 40 எப்படி வந்தது என்றால், இந்த வயதில் கிலோவுக்கு மணிக்கு 1 மி.லி. சிறுநீராவது வர வேண்டும் என்ற கணக்கு.

அந்த நான்கு மணி நேரத்தின் சார்ட் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம் (அளவுகள் மி.லி.யில்):

| நேரம் | குடித்தது | வெளியேறியது |
|---|---|---|
| 8–9 | ஓ.ஆர்.எஸ். 160 | வாந்தி 30 |
| 9–10 | ஓ.ஆர்.எஸ். 190 | பேதி 90 |
| 10–11 | ஓ.ஆர்.எஸ். 200 | சிறுநீர் 35 |
| 11–12 | ஓ.ஆர்.எஸ். 180 | பேதியும் சிறுநீரும் கலந்து 80 |
| மொத்தம் | 730 | 235 |

மீதி, +495. எடை போட்டால் 10.45 கிலோ வரலாம். 495-க்கு 450 கிராம்தானே கூடியிருக்கிறது என்று குழம்பாதீர்கள். மூச்சிலும் தோலிலும் போகும் நீர் எந்தச் சார்ட்டிலும் விழாது. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அந்த இழப்பு சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும். அதனால்தான் அதே தராசில், அதே அளவு உடையோடு எடை பார்த்து சார்ட்டைச் சரிபார்க்க வேண்டும்.

சிறுநீர் 35 எப்படி வந்தது? உலர்ந்த டயாபர் 25 கிராம், நனைந்தபின் 60. வித்தியாசம் 35 கிராம், அதாவது 35 மி.லி. கழற்றியவுடன் எடை போட வேண்டும். ஃபேனுக்கடியில் அரை மணி கிடந்தால் ஈரம் ஆவியாகி, சிறுநீர் குறைவு என்று பொய் சொல்லும். கலந்து போனதைக் "கலந்து" என்றே எழுதுங்கள், ஊகித்துப் பிரிக்காதீர்கள். இந்தச் சார்ட்டில் தனியாக அளந்த சிறுநீர் 35 மட்டும். கலந்ததிலும் கொஞ்சம் இருப்பதால் இலக்கை ஒட்டி வந்திருக்கும் என்றுதான் சொல்லலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த நான்கு மணி நேரத்துக்குச் சிறுநீரைக் குறிவைத்துப் பார்க்க வேண்டும் என்று மதிப்பாய்வில் எழுதுவதுதான் நேர்மை.

நான் பார்க்கும் சார்ட்டுகளில் தவறு பெரும்பாலும் "குடித்தது" பக்கத்தில்தான். கலக்கி வைத்ததைக் குடித்ததாக எழுதிவிடுகிறார்கள். பாதி டம்ளர் கட்டிலுக்கடியில் கொட்டியிருக்கும். "ஓ.ஆர்.எஸ். 1 பாக்கெட்", "டயாபர் 4" போன்றவை அளவே அல்ல. ஷிஃப்ட் முடிவில் நினைவிலிருந்து நிரப்புவதும் அப்படித்தான். அளவு குறித்த கப்பைக் கட்டிலருகே வைத்து, ஒவ்வொரு மணிக்கும் மிச்சத்தைக் கழித்து எழுதுங்கள். கஞ்சி, மோர், இளநீர், சிரப், சிரைவழி மருந்து எல்லாமே கணக்கில் வரும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. அளவு தெரிய வேண்டுமானால் பால் கொடுக்கும் முன்னும் பின்னும் எடை பாருங்கள்.

பாக்கெட்டில் 1 லிட்டர் என்று இருந்தால் முழுப் பாக்கெட்டையும் 1 லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கினால் உப்பு ஏறிப்போகும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

காய்ச்சலுக்குத் தனி நோயறிதல் எழுதுங்கள். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., இவனுக்கு ஒருமுறைக்கு 150 மி.கி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மி.லி.; 125 மி.கி. உள்ளது என்றால் 6 மி.லி. பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகிவிடும் என்பதால், மி.கி.யையும் மி.லி.யையும் சேர்த்தே எழுதுங்கள். இடைவெளி குறைந்தது 4 மணி நேரம், நாளுக்கு 4 முறைக்கு மேல் வேண்டாம். நீரிழப்பு இருக்கும்போது இபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் இரண்டும் கூடாது, சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஐஸ் தண்ணீரில் துடைத்தால் குழந்தை நடுங்கும், உடல் வெப்பம் உள்ளே இன்னும் கூடும்.

12 மணிக்கு மறுபடி பாருங்கள். தோல் உடனே திரும்பி, குழந்தை விளையாடினால் உணவு தொடங்கலாம். ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மி.லி. ஓ.ஆர்.எஸ்., மருத்துவர் எழுதியபடி துத்தநாகம் நாளுக்கு 20 மி.கி. வீதம் 14 நாள். அறிகுறிகள் அப்படியே இருந்தால் இன்னொரு நான்கு மணி நேரத் திட்டம். இமை வீங்கினால் ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்தித் தாய்ப்பாலோ வெறும் தண்ணீரோ கொடுத்து, மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிறு உப்பினாலோ, 6 மணி நேரம் சிறுநீரே வராவிட்டாலோ, கைகால் சில்லிட்டாலோ உடனே அழையுங்கள்.

மீதி பிளஸ்ஸில் ஏறிக்கொண்டே போய், எடையும் கூடி, சிறுநீர் மட்டும் குறைந்தால் நிம்மதி அடையாதீர்கள். கொடுத்த திரவம் ரத்தக் குழாயில் தங்காமல் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். டெங்குவில், அதுவும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், இப்படித்தான் நடக்கும். அந்தச் சார்ட்டை அடுத்த ஷிஃப்டுக்கு விடாமல் அப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள்.